என்னையே ஸ்டாக் எடுத்த மூன்று மாதம்

ஈரோட்டில் நெசவு நூல் விற்கும் ஒரு கடையில் பதினான்கு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வருடா வருடம் மார்ச் கடைசியில் எங்கள் குடோனில் சரக்கு எண்ணுவோம். கணினியில் 212 மூட்டை என்று இருக்கும், எண்ணிப் பார்த்தால் 207 இருக்கும். ஐந்து மூட்டை எங்கே என்று இரண்டு நாள் தேடுவோம். ஒருமுறைகூடக் கணக்கில் இருந்ததும் கையில் இருந்ததும் அப்படியே ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை.

இந்த வருடம் அந்த வேலை முடிந்த கையோடு, இதே மாதிரி என்னையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. மகள் பதினொன்றாம் வகுப்பு. இன்னும் இரண்டு வருடத்தில் கல்லூரிக் கட்டணம் வரும். சம்பளத்தோடு சேர்த்து வேறு ஏதாவது வருமானம் வேண்டும். என்ன செய்வது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கணக்குத் தெரியும்ல, சின்னக் கடைங்களுக்கு ஜிஎஸ்டி போட்டுக் குடு." நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் என்ன தொழில் என்று முடிவு செய்வதற்கு முன்னால், என்ன தெரியும், யாரைத் தெரியும், என்ன இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நான்கு பக்கம் எழுதிவிடலாம் என்று மகளின் பழைய ரஃப் நோட்டை எடுத்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிய பட்டியலை இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது. தெரிந்தவை: டேலி, எக்செல், தையல், சமையல், நன்றாகப் பேசுவேன், பொறுமை. தெரிந்தவர்கள்: சொந்தக்காரர்கள், கடைக்காரர்கள், ஸ்கூல் அம்மாக்கள். இருப்பது: லேப்டாப், ஸ்கூட்டர், பிரிண்டர், முன்னறை, டேலி, சீட்டுப் பணம் 50,000. நேரம்: தினமும் மூன்று மணி. இருபது நிமிடத்தில் நான்கு பக்கமும் முடிந்துவிட்டது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். குடோன் சரக்கையே இருபது நிமிடத்தில் எண்ண முடியாது.

இது எண்ணிய இருப்பு இல்லை, புத்தக இருப்பு. அதாவது என் தலைக்குள் என்னைப் பற்றி நான் வைத்திருந்த கணக்கு. அதனால் அந்தப் பக்கங்களை மடித்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் சாட்சி தேடி மறுபடி எழுத ஆரம்பித்தேன்.

தெரிந்த வேலைகளுக்கு நான் வைத்த கேள்வி நான்கு. கடைசியாக எப்போது செய்தேன், யாருக்குச் செய்தேன், எவ்வளவு நேரம் ஆனது, அவர்கள் திரும்ப வந்தார்களா. இந்தக் கேள்வியில் தையல் உடனே விழுந்தது. நான் கடைசியாக ஒரு பிளவுஸ் தைத்தது 2019ல். மெஷினில் பெடல் பெல்ட்டே இல்லை. "நன்றாகப் பேசுவேன்" என்பதற்கு யார் வந்து சாட்சி சொல்வது, அதையும் அடித்தேன். எக்செல் நின்றது. டேலியும் நின்றது, ஆனால் அது பதினான்கு வருடமும் ஒரே முதலாளிக்கு.

அதற்குப் பிறகு எதிர்பாராத ஒன்று நடந்தது. "யாருக்குச் செய்தேன்" என்பதற்காக வாட்ஸ்அப்பைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு வருடத்தில் ஆறு பேர் என்னிடம் ஒரே மாதிரி உதவி கேட்டிருக்கிறார்கள். எங்கள் தெரு மகளிர் குழுவில் ஒரு அக்கா, "தவணைக் கணக்கு 1,200 உதைக்குது, கொஞ்சம் பாரேன்" என்று நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கொழுந்தனாருக்கும் அவருக்குச் சரக்குப் போடுகிறவருக்கும் பாக்கியில் 9,000 வித்தியாசம். நான் உட்கார்ந்து பார்த்து, ஒரு பில் இரண்டு தரம் ஏறியிருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறேன். இப்படி ஆறு. இது எதுவுமே என் முதல் பட்டியலில் இல்லை. காரணம் எளிது. இரண்டு பேர் கணக்கை எதிரெதிரே வைத்து எங்கே உதைக்கிறது என்று பார்ப்பது எனக்குச் சாப்பாட்டில் கல் பொறுக்குவது போல. அதை ஒரு வேலை என்றே நான் நினைத்ததில்லை. எனக்குக் கஷ்டப்பட்டு வந்தவற்றை மட்டும்தான் திறமை என்று எழுதியிருந்தேன். இந்த ஒரு வரிக்காகவே பழைய செய்திகளைத் தோண்டியது வீண் போகவில்லை.

இருப்புப் பக்கத்தில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டேன்: யாருடையது, எப்போது என் கையில் இருக்கும். ஸ்கூட்டர் என் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் காலை எட்டிலிருந்து பத்து வரை வீட்டுக்காரர் எடுத்துப் போகிறார். லேப்டாப் 2017ல் வாங்கியது, பேட்டரி போய்விட்டது, பிளக்கில் இருந்தால் மட்டும் ஓடும். அப்படியென்றால் அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போகும் வேலை ஆகாது, வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைதான். பிரிண்டரைப் போட்டுப் பார்த்தேன், எட்டு மாதம் ஓட்டாததால் மை காய்ந்து கறுப்பு வரவே இல்லை. அதை இருப்பில் எழுதுவதைவிடக் கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடையை எழுதுவது நேர்மை. டேலி என்னுடையதே இல்லை, கடை லைசென்ஸ். அதில் வெளிவேலை செய்யக் கூடாது. அதை அடித்துவிட்டு, எக்செல் மாதிரியே காசில்லாமல் கிடைக்கும் லிப்ரேஆபீஸ் கால்க்கை எழுதினேன். சீட்டுப் பணம் 50,000 என்று முதலில் எழுதியிருந்தேன். இன்னும் எடுக்காத சீட்டு கையிருப்பு ஆகாது என்று எனக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா என்ன, அதையும் அடித்தேன். நகையை வேண்டுமென்றே எழுதவில்லை. பட்டியலில் ஏறிவிட்டால் ஒரு நாள் அடகுக் கடைக்கும் ஏறும்.

பணத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் காலியாக விட்டிருந்தேன். வணிகவியல் சொல்லித் தரும் தோழி ஒருத்தி, அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இருக்கும் சரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியர் 2001ல் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றிச் சொன்னாள். அனுபவப்பட்ட தொழில்முனைவோர் பலரும், இன்ன தொழில் என்று முதலில் முடிவு செய்துவிட்டு அதற்குப் பணம் தேடுவதில்லையாம். நான் யார், எனக்கு என்ன தெரியும், யாரைத் தெரியும் என்பதிலிருந்து தொடங்குகிறார்களாம். மெனுவை எழுதிவிட்டுக் காய் வாங்கப் போவது ஒரு வகை, அடுக்களையில் இருப்பதைப் பார்த்து என்ன சமைக்கலாம் என்று யோசிப்பது இன்னொரு வகை என்று அவரே உதாரணம் சொல்கிறார். பணத்தைப் பற்றியும் அவர் கேட்பது வேறு மாதிரி: எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பதைவிட எவ்வளவு போனால் தாங்கும் என்று கேட்க வேண்டும். என் பதில் 6,000 ரூபாய். அது போனால் ஒரு தீபாவளித் துணி குறையும், வீட்டில் சண்டை வராது. பணக் கட்டத்தில் 6,000 என்று எழுதி மூடிவிட்டேன்.

நேரப் பக்கத்தில்தான் நான் நன்றாக ஏமாந்தேன். அரை மணிக்கு ஒரு கோடு போட்டு, ஒரு வாரம் முழுக்க என்ன செய்தேன் என்று எழுதினேன். படுக்கப் போகும்போது மொத்தமாக எழுதினால் பொய் வந்துவிடுகிறது. டிவி பார்த்த ஒரு மணி நேரம் எப்படியோ "துணி மடித்தேன்" என்று மாறிவிடுகிறது. அதனால் நோட்டைச் சமையல் மேடையிலேயே வைத்து, இரண்டு மணிக்கு ஒருமுறை எழுதினேன். ஆபீசில் இருக்கும்போது போனில் குறித்துக்கொண்டேன். ஏப்ரல் 22லிருந்து 28 வரை. கூட்டிப் பார்த்தால் சும்மா இருந்த நேரம் பத்தொன்பது மணி!

ஆனால் எல்லா மணியும் ஒன்று இல்லை. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் போன் பேசலாம், கணக்குப் பார்க்க முடியாது. இரவு பத்தரைக்கு மேல் உட்கார முடியும், ஆனால் 6ஐ 9 என்று படிப்பேன். அதனால் தொடர்ந்து ஒரு மணிக்கு மேல், தலை தெளிவாக, யாரும் கூப்பிடாமல் கிடைத்த நேரத்தை மட்டும் வட்டம் போட்டேன். பத்தொன்பதில் ஒன்பது தேறியது. ஒன்பது மணி கிடைத்தால் போதும், ஐந்தாறு கடை பார்க்கலாம் என்று சந்தோஷமாகப் படுத்தேன்.

மே மாதம் 8லிருந்து 14 வரை இன்னொரு வாரம் எழுதிப் பார்த்தேன். வட்டம் போட்டது இரண்டரை மணி.

கணக்கு எழுதுகிறவளுக்கு இது ஏன் முன்னாலேயே உறைக்கவில்லை என்று இன்னும் வெட்கமாக இருக்கிறது. எங்கள் மாதம் தேதிகளால் ஆனது. 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11க்குள் ஜிஎஸ்டிஆர்-1, 15க்குள் பிஎஃப், இஎஸ்ஐ, 20க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி. 5ஆம் தேதியிலிருந்து 20 வரை கடையை விட்டுக் கிளம்பவே எட்டரை ஆகும். 21க்குப் பிறகு ஆறரைக்கே வீட்டில் இருப்பேன். நான் முதலில் எழுதிய வாரம் அந்த இளைப்பாறும் வாரம். மாதத்துக்குள் ஏற்ற இறக்கம் உள்ள வேலையில் இருப்பவர்கள் ஒரு வாரம் மட்டும் எழுதினால் இப்படித்தான் தப்பான எண் கிடைக்கும். குறைந்தது பரபரப்பான வாரம் ஒன்று, சும்மா இருக்கும் வாரம் ஒன்று என்று இரண்டும் வேண்டும். சராசரி போட்டாலும் பிரயோஜனம் இல்லை. வாரம் ஐந்தே முக்கால் மணி என்று வரும், அந்த மாதிரி ஒரு வாரம் எனக்குக் கிடையவே கிடையாது.

ஊரே சொன்ன ஜிஎஸ்டி யோசனை இங்கே செத்தது. சின்னக் கடைக்காரர்களும் அதே 11க்கும் 20க்கும்தான் ஓடி வருவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்கிற சின்னக் கடைகளுக்கும் கெடு அந்தத் தேதிகளை ஒட்டியேதான் விழும். எனக்கு நேரமே இல்லாத நாளில் அவர்களுக்கு நான் தேவை. வேலை தெரிகிறது, ஆட்கள் இருக்கிறார்கள், லேப்டாப் இருக்கிறது, நேரப் பக்கம் மட்டும் வேண்டாம் என்கிறது. நான்கில் ஒன்று வேண்டாம் என்றாலும் அது வேண்டாம்தான். இதைப் பட்டியல் போடாமல் ஆரம்பித்திருந்தால் இரண்டாவது மாதம் யாரோ ஒருவருக்குத் தாமதக் கட்டணம் விழுந்திருக்கும், அதை என் 6,000த்திலிருந்து கட்டியிருப்பேன்.

ஆக, தேட வேண்டியது 21ஆம் தேதிக்கு மேல் மாதக் கடைசிக்குள் செய்யக்கூடிய ஒரு வேலை. அதை நானாக யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தெரிந்தவர்கள் பக்கம்தான் சொன்னது.

போனில் 600க்கு மேல் எண்கள் இருக்கின்றன. அவை எல்லாம் "தொடர்பு" இல்லை. மூன்று மாத அழைப்புப் பட்டியலைப் பார்த்து, வேலை விஷயமில்லாமல் பேசியவர்களைப் பிரித்தேன், 71 பேர். அதில் நான் ஏதாவது செய்து கொடுத்தவர்கள், அல்லது எனக்குச் செய்து கொடுத்தவர்கள் 23 பேர். அந்த 23 பெயருக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து போட்டேன். காசு கொடுக்கக்கூடியவருக்கு "க", வேறொருவரிடம் அறிமுகம் செய்யக்கூடியவருக்கு "அ", முகத்துக்கு நேராக உண்மை சொல்பவருக்கு "உ". "உ" போடக் கை நீண்ட நேரம் தயங்கியது. கடைசியில் நான்கு பேர்தான் வந்தார்கள். கடை மூலமாகப் பழகிய பார்ட்டிகளைச் சிவப்பு மையில் அடித்தேன். அவர்கள் முதலாளியின் தொடர்பு, என்னுடையது இல்லை.

மூன்று எழுத்தும் சேர்ந்து விழுந்த ஒரே பெயர் பெரியம்மா மகன். ஜவுளிச் சந்தையில் லுங்கி, நைட்டி மொத்த வியாபாரம். திங்கள் ராத்திரி கடை விரித்தால் செவ்வாய் முழுக்க ஓடும். கேரளா, கர்நாடகா பக்கமிருந்து வந்து கடனுக்கு எடுத்துப் போவார்கள். போன் செய்து, கணக்கு சம்பந்தமாக அவருக்கு என்ன தொந்தரவு என்று மட்டும் கேட்டேன். நான் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் நல்லா பண்ணு கண்ணு என்று வாழ்த்திவிட்டு வைத்துவிடுவார்.

"ஜிஎஸ்டி எல்லாம் ஆடிட்டர் ஆபீசுல பாத்துக்கறாங்க அம்மிணி, அதுல ஒண்ணும் சிரமமில்ல. எவன் எவ்வளவு குடுக்கோணும்கறதுதான் தெரியமாட்டேங்குது. கேட்டா அவன் ஒரு கணக்குச் சொல்றான், நம்ம நோட்டு ஒரு கணக்குச் சொல்லுது."

"மொத்தம் எவ்வளவுங்ணா வரணும்?"

"சுமாரா அஞ்சு லட்சம் இருக்குமாட்ட இருக்குது."

இந்தச் "சுமாரா"வைக் கேட்டதும் வாட்ஸ்அப்பில் உதவி கேட்டிருந்த அந்த ஆறு பேர் நினைவுக்கு வந்தார்கள். பாக்கிக் கணக்கை ஒத்துப் பார்த்து, மாதக் கடைசியில் யார் யாரிடம் எத்தனை நாளாக எவ்வளவு நிற்கிறது என்று ஒரு பட்டியல். இதற்கு அரசாங்கக் கெடு எதுவும் கிடையாது. 21க்கு மேல் செய்தால் போதும். டேலி வேண்டாம், ஸ்கூட்டர் வேண்டாம், பிளக்கில் ஓடும் லேப்டாப் போதும்.

மே 23ஆம் தேதி அண்ணன் ஒரு மஞ்சப்பையில் இரண்டு நோட்டும் துண்டுச் சீட்டுகளும் கொண்டுவந்து கொடுத்தார். 43 பார்ட்டிகள். ஆறு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்தேன், பதினான்கு மணி ஆனது.

நேரம் ஓடியது இரண்டு இடத்தில். ஒன்று, பணம் கொடுக்கிறவர்கள் பில் கணக்கில் கொடுப்பதில்லை. 23,400க்கும் 18,750க்கும் சரக்கு எடுத்துவிட்டு "இந்தாங்க இருபது" என்று கொடுத்துப் போவார்கள். அந்த இருபதாயிரத்தை எந்த பில்லில் கழிப்பது? பழைய பில்லில் முதலில் கழித்தால் 3,400 மட்டும் பழைய பாக்கி. புதியதில் கழித்தால் அது முழுக்கத் தீர்ந்து மிச்சம் 1,250 மட்டும் பழையதில் கழியும், ஆக 22,150 பழைய பாக்கியாக நிற்கும். மொத்தம் இரண்டிலும் 22,150தான், ஆனால் எத்தனை நாள் பாக்கி என்பது தலைகீழாக மாறிவிடும். இதை நானாக முடிவு செய்யக் கூடாது என்று அண்ணனைக் கேட்டேன். பழையதில்தான் முதலில் கழிப்பது சந்தை வழக்கம் என்றார். அப்படியே செய்து, பட்டியலின் தலையிலும் அதை எழுதினேன்.

இன்னொன்று, நாள் கணக்கு. பில் தேதி A வரிசையில் இருந்தால் சூத்திரம் இவ்வளவுதான்:

```
=TODAY()-A2
```

இதைப் போட்டதும் எனக்கு 97 என்று வராமல் ஏதோ ஒரு பழைய தேதி வந்தது. கட்டம் தேதி வடிவத்தில் இருந்தால் அப்படித்தான் காட்டும், எண் வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். சில வரிகளில் பிழை என்றே வந்தது. அங்கே நான் தேதியை 12.3.25 என்று புள்ளி வைத்து அடித்திருந்தேன், அதை அது எழுத்தாக எடுத்துக்கொண்டது. தேதி தானாக வலது பக்கம் ஒட்டி நின்றால் தேதி, இடது பக்கம் நின்றால் எழுத்து என்று கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்.

நோட்டுப்படி மொத்தம் 6,84,000. திரும்பி வந்த சரக்கு மூன்று பார்ட்டிகளுக்குக் கழிக்கப்படாமல் 11,400 நின்றது. மகன் போனில் ஜிபே வந்து நோட்டில் ஏறாதது 8,000. அவற்றைக் கழித்தால் 6,64,600. அண்ணன் சொன்ன சுமார் ஐந்துக்கும் இதற்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அதைவிட அவர் அதிகம் பார்த்தது கடைசிக் கட்டத்தைத்தான்: தொண்ணூறு நாளைத் தாண்டி 1,92,000, அதுவும் ஏழே பேரிடம். அந்த ஏழு பேருக்கும் பில் தேதி, தொகை, அவர்கள் கொடுத்தது எல்லாம் போட்டு ஒரு பக்கக் கணக்கை அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மூன்று பேர் பதில் போட்டார்கள். ஒருவர் சண்டைக்கு வந்தார், அவர் சொன்ன ஒரு கழிவு உண்மைதான், 2,000 குறைத்தோம். மாதம் முடிவதற்குள் 41,000 வந்தது.

மாதம் 1,500 ரூபாய் என்று பேசினோம். சொந்தம் என்று சும்மா செய்து கொடுத்தால் இது தொழிலா இல்லையா என்று எனக்கே தெரியாது, அதனால் முதல் மாதமே வாங்கிக்கொண்டேன். பதினான்கு மணிக்கு 1,500 என்றால் மணிக்கு நூற்றிச் சொச்சம்தான். ஜூனில் புதிய வரிகள் மட்டும் ஏற்ற வேண்டியிருந்ததால் ஐந்து மணியில் முடிந்தது, மணிக்கு 300. முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். நூல் பார்ட்டிகள் பக்கம் போகாதவரை தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

ஜூலையில் அண்ணன் மூலமாகப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் வந்தார். நோட்டைக் கொடுத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்: "அந்தப் பாலக்காட்டுப் பார்ட்டி உங்க அண்ணனுக்கு எவ்வளவுங்க தரோணும்? தெரிஞ்சா நானும் பாத்துக் கடன் குடுப்பேன்." எனக்கு வாய்வரை வந்துவிட்டது, ஏனென்றால் எண் தலையிலேயே இருக்கிறது. ஒரே சந்தையில் இரண்டு கடைக்குப் பாக்கிக் கணக்குப் பார்த்தால் இது வரும் என்று நான்கு பக்கத்தில் எங்கேயும் எழுதவில்லை. சொல்ல மாட்டேன், உங்கள் கணக்கையும் அவரிடம் சொல்ல மாட்டேன் என்றேன். கொஞ்சம் முகம் சுருங்கினார், நோட்டைத் திருப்பி வாங்கவில்லை. அன்று ராத்திரி இருப்புப் பக்கத்தைத் திறந்து, தலையில் இருக்கும் அடுத்தவர் கணக்கு என்று ஒரு வரி எழுதி, யாருடையது என்ற கட்டத்தில் என் பெயர் இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

அவருடையது 60 பார்ட்டிகளுக்கு மேல், முதல் மாதம் இருபது மணி பிடிக்கும். 21க்கு மேல் எனக்கு மாதத்தில் கிடைப்பது பன்னிரண்டு, பதின்மூன்று மணி, அதில் அண்ணனுக்கு ஐந்து போகிறது. அதனால் அவருடைய பார்ட்டிகளை மூன்றாகப் பிரித்து, பெரிய பாக்கி முதலில் என்று மூன்று மாதத்தில் ஏற்றித் தருவதாகப் பேசியிருக்கிறேன். மூன்றாவதாக ஒருவர் கேட்டார். நோட்டில் பார்த்துவிட்டு நவம்பருக்கு மேல் வரச் சொன்னேன்.